முகூர்த்தத்துக்கு முன் மின்சாரம் போனபோது அந்த ஒப்பனைக் கலைஞர் செய்தவை சரிதானா?

விளக்குப் பிடித்தவள்

சென்ற வைகாசியில் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள ஒரு மண்டபத்தில் என் தங்கைக்குத் திருமணம் நடந்தது. முகூர்த்தம் விடியற்காலை 4.30 முதல் 6 மணி வரை. ஒப்பனைக் கலைஞர் தம் உதவியாளரோடு இரவு 1.30க்கே வந்து வேலையைத் தொடங்கிவிட்டார். 2.40க்கு மின்சாரம் போனது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் பழுது, விடிவதற்குள் சரியாகாது என்று காவலாளி சொன்னார். மண்டபத்து ஜெனரேட்டரோ பேட்டரி இறங்கிப்போய்ச் செல்ஃப் எடுக்கவில்லை. அது ஓடத் தொடங்கியபோது மணி 3.50. இடைப்பட்ட நேரம் முழுவதும் விளக்கைப் பிடித்துக்கொண்டு அருகிலேயே நின்றவள் நான். அன்று அவர் செய்தவற்றில் பாதி எனக்கு இன்றும் விளங்கவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

மின்சாரம் போன நேரத்தில் தங்கையின் முகத்தில் ஃபவுண்டேஷன் பூசி முடித்திருந்தார். பவுடர் போடவில்லை, கண் வேலையும் தலை அலங்காரமும் தொடங்கவே இல்லை. ஏசி நின்ற சில நிமிடங்களில் அறை புழுங்கத் தொடங்கியது. அவர் செய்த முதல் வேலை, தங்கையை நாற்காலியோடு அறையை விட்டு வெளியேற்றி, முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் உட்கார வைத்தது. என் சித்தப்பா எமர்ஜென்சி விளக்கைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே வைத்தார். அதை அணைக்கச் சொல்லிவிட்டார். பாட்டி குத்துவிளக்கை ஏற்றி வந்தபோது, மரியாதையாகத்தான், ஆனால் சற்றும் விட்டுக்கொடுக்காமல், அதைக் கூடத்துக்கே திருப்பி அனுப்பினார். பிறகு ஒரு சிறிய விளக்கை மட்டும் பின்தலைக்கு மேல் பிடிக்கச் சொல்லி, சவுரி வைத்துப் பின்னத் தொடங்கிவிட்டார். முன்நெற்றியில் சுருள் முடி வேண்டும் என்று தங்கை ஆசைப்பட்டிருந்தாள். அதைக் கைவிட்டு, நடுவகிடு எடுத்து நெற்றிச்சுட்டி வைத்தார். அரை மணி நேரம்வரை முகத்தை அவர் தொடவே இல்லை. உதவியாளர்தான் பிடரியில் விசிறிக்கொண்டும், அவ்வப்போது டிஷ்யூவை முகத்தில் ஒற்றி எடுத்துக்கொண்டும் இருந்தார். "நேரம் போகிறது, முகத்தைப் பாருங்கள்" என்று சித்தப்பா கத்தியதும் பலிக்கவில்லை.

அதன் பின்னர்தான் புகைப்படக்காரரிடம் சென்று இரண்டு எல்இடி பேனல்களைக் கேட்டு வாங்கி வந்தார். ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டு, அதன் மேல் ஒளி பட்டுத் திரும்பி முகத்தில் விழும்படி அவற்றை வைத்தார். ஒரு நோட்டைத் திறந்து, அதைப் பார்த்துப் பார்த்துக் கழுத்துக்கும் கைக்கும் நிறம் கலந்தார். "இன்னும் கொஞ்சம் பளிச்சென்று வேண்டும் அக்கா" என்று தங்கை கேட்டதற்கு மறுத்துவிட்டார். ஜெனரேட்டர் வந்த பிறகும் அறைக்குத் திரும்பவில்லை, சுருட்டும் கருவியைச் செருகவும் இல்லை. 4.25க்குத் தங்கை மணவறைக்குப் போய்விட்டாள். முடிவு நன்றாகவே இருந்தது. ஆனால் அது திறமையா, வாய்த்த அதிர்ஷ்டமா என்று எங்கள் வீட்டில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.

பிரஷ்ஷும் பஞ்சும்

நான் மதுரையில் இதே தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் சித்தப்பாவுக்கு முதலில் பதில் சொல்கிறேன்: அந்த அரை மணி நேரம் வீணாகவில்லை. அன்றைய காலையைக் காப்பாற்றியதே அதுதான்.

ஏசி அறையில் குளிர்ந்திருந்த உடம்பு திடீரென்று புழுக்கத்துக்கு வரும்போது முதல் வியர்வை பொங்கிக்கொண்டுதான் வரும். பவுடர் போடாத ஃபவுண்டேஷனுக்கு அடியிலிருந்து அது கிளம்புகிறது. அந்த நேரத்தில் பயந்துபோய்ப் பவுடரை அப்பினால், ஈரமும் மாவும் சேர்ந்து மேலுதட்டிலும் மூக்கோரத்திலும் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதைத் துடைத்து அடியிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. துடைக்காமல் ஒற்றி எடுத்தால் தண்ணீர் மட்டும் டிஷ்யூவுக்கு வரும், நிறம் பெரும்பாலும் தோலிலேயே நிற்கும். டிஷ்யூவை விரித்து முகத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி, இழுக்காமல் நேராக எடுக்க வேண்டும். வியர்வை அடங்கிவிட்டதா என்பதை மேலுதட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒற்றி எடுத்து இரண்டு மூன்று நிமிடம் கழித்தும் அங்கே முத்து அரும்பவில்லை என்றால் பவுடரைத் தொடலாம். அதுவும் முகம் முழுக்கத் தூவக் கூடாது. பஃப்பில் எடுத்து, கையின் பின்புறத்தில் தட்டிவிட்டு, நெற்றி, மூக்கு, மேலுதடு, தாடை என்று அழுத்தி வைக்க வேண்டும்.

விசிறியைப் பிடரிக்குக் கொடுத்ததும் யோசித்துச் செய்ததுதான். முகத்துக்கு நேரே விசிறினால் பறக்கிற முடியும் தூசியும் ஈரப் பூச்சில் வந்து ஒட்டும். பிடரியும் மணிக்கட்டும் குளிர்ந்தால் ஆளே சற்று அமைதியாவார்.

இனி, தலையை முதலில் எடுத்தது ஏன் என்றால், பின்னலுக்கு விரல்கள் போதும், கண் அவ்வளவாகத் தேவையில்லை. இருட்டில் செய்யக்கூடிய வேலையை இருட்டு இருக்கும்போது முடித்துவிட்டார், நிறம் பார்க்க வேண்டிய வேலையை வெளிச்சம் கிடைக்கும் வரை தள்ளி வைத்தார். குத்துவிளக்கைத் திருப்பி அனுப்பியதற்கு விளக்கமே வேண்டியதில்லை. ஹேர் ஸ்ப்ரேயில் இருப்பது எரியும் வாயுவும் ஆல்கஹாலும். செயற்கை இழைச் சவுரி என்றால் நெருப்பு பட்டதும் உருகித் தோலில் ஒட்டும்.

நேர்கோடு

மேலே சொன்னவை சரி, ஆனால் எமர்ஜென்சி விளக்கை அணைத்தது தேவையற்ற பிடிவாதம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த வெள்ளை எல்இடி ஒளி 6500 கெல்வின் அளவில் இருக்கும், அது பகல் வெளிச்சத்தின் நிறத்துக்கு மிக நெருக்கமானது. நிறம் பார்ப்பதற்கு அதைவிடப் பொருத்தமானது எது? நான்கு பேர் கைபேசி டார்ச்சைச் சேர்த்துப் பிடித்திருந்தாலும் 3 மணிக்குள் முகம் முடிந்திருக்கும்.

மூன்றாவது கண்

திருமணப் புகைப்படம் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நேர்கோடு சொன்ன எண் சரி, அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. கெல்வின் என்பது வெள்ளை ஒளி எவ்வளவு நீலம் அல்லது மஞ்சள் சாய்ந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த ஒளிக்குள் எல்லா நிறங்களும் போதிய அளவு இருக்கின்றனவா என்பது வேறு கேள்வி. அதைத்தான் விளக்குப் பெட்டிகளில் சிஆர்ஐ என்று அச்சிடுகிறார்கள். வீடியோவுக்கென்று செய்யும் நல்ல பேனல்களில் அது 95க்கு மேல் இருக்கும். மலிவான எமர்ஜென்சி விளக்குகளில் 80ஐத் தொடாதவை உண்டு, அவற்றில் முதலில் குறைவது ஆழ்ந்த சிவப்பு.

நம் ஊர்த் தோலுக்கு உயிர் கொடுப்பதே அந்தச் சிவப்புதான். அது இல்லாத ஒளியில் மாநிற முகம் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும், உதட்டுச் சாயமும் குங்குமமும் மங்கித் தெரியும். ஒப்பனை செய்பவரின் கை தானாகவே கன்னத்தில் இன்னும் சிவப்பையும் கண்ணடியில் இன்னும் ஆரஞ்சையும் சேர்க்கும். அதே முகம் மணவறை விளக்குகளுக்கு முன்னால் வந்து உட்காரும்போது கன்னம் இரண்டும் செங்கல் நிறத்தில் நிற்கும். ஆல்பத்தில் அதைத் திருத்த நான் பட்ட பாடுகள் நிறைய.

திசையும் முக்கியம். மேலிருந்தோ ஒரே பக்கத்திலிருந்தோ விழும் கூர்மையான ஒளியில் கண்ணுக்குக் கீழே பொய்யான நிழல் விழும். அதைக் கருவளையம் என்று நினைத்துக் கன்சீலரை ஏற்றிவிடுவார்கள். வேட்டியில் பட்டுத் திரும்பிய ஒளியில் அந்த நிழலே இருக்காது. அந்த அம்மையார் புகைப்படக்காரரின் பையைத் தேடிப் போனாரே, அங்கேதான் அவர் அனுபவம் தெரிகிறது. மின்சாரம் இல்லாத மண்டபத்தில் நல்ல வெளிச்சம் பேட்டரியோடு இருக்கும் இடம் அது ஒன்றுதான். ஒரே ஒரு வேண்டுகோள்: கேட்டு எடுங்கள். அந்த பேட்டரிகள் தாலி கட்டும் நேரத்துக்கு எங்களுக்கும் வேண்டும்.

விளக்குப் பிடித்தவள்

கேட்டுத்தான் எடுத்தார். பாதி வெளிச்சத்தில் வைத்தால் போதும் என்று சொன்னதால் புகைப்படக்காரரும் தயங்கவில்லை. மணவறை விளக்குகள் எத்தனை கெல்வினில் இருக்கும் என்று அவரிடம் கேட்டு, பேனலின் திருகையும் அந்த அளவுக்கே திருப்பினார். அது அப்போது எனக்குப் புரியவில்லை.

எமர்ஜென்சி விளக்கை அணைத்ததற்கு இன்னொரு காரணம் இருந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் நாள் மாலை மழை பெய்திருந்தது. விளக்கு எரிந்த சில நொடிகளில் ஈசல்கள் வந்து மொய்த்தன. ஒன்று தங்கையின் தாடையில் ஒட்டிக்கொண்டு சிறகை உதிர்த்துவிட்டது. அவர் அதை விரலால் தொடவில்லை, ஒரு பட்டையான பிரஷ்ஷின் நுனியால் நெம்பி எடுத்து, அந்த இடத்தை மட்டும் ஈரப் பஞ்சால் ஒற்றிச் சரிசெய்தார். பிறகு முற்றத்தின் எதிர்ப்பக்கத் தூணருகில் அந்த விளக்கை ஏற்றி வைக்கச் சொன்னார். ஈசல்கள் எல்லாம் அங்கே போய்விட்டன.

நோட்டைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே?

பிரஷ்ஷும் பஞ்சும்

ஈசல் விஷயம் எனக்கே புதிது. குறித்துக்கொண்டேன்.

நோட்டு என்பது டிரயல் பார்த்த அன்று எழுதி வைப்பது. முதல் நிறத்தில் இரண்டு அழுத்து, அடுத்ததில் ஒன்று, கழுத்துக்கு மட்டும் இரண்டாவதில் அரை கூடுதல், கன்னத்துக்கு எந்தச் சிவப்பு, பிரஷ்ஷை எத்தனை முறை தொட்டது என்று பகல் வெளிச்சத்தில் பார்த்து உறுதி செய்த அளவுகள் அதில் இருக்கும். வெளிச்சம் நம்பகமில்லாதபோது கண்ணை நம்பாமல் அந்த அளவை நம்ப வேண்டும். "இன்னும் பளிச்சென்று" என்ற வேண்டுகோளை அவர் மறுத்தது அதனால்தான். கைபேசிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு மணமகள் சொல்லும் அந்த வார்த்தைக்கு அங்கே இணங்கினால், விடிந்ததும் முகம் ஒரு நிறமும் கழுத்து ஒரு நிறமுமாக நிற்கும். (பகலிலும் அந்த வேண்டுகோளுக்கு நான் இணங்குவதில்லை, அது வேறு சண்டை.)

டிரயல் பார்க்காமல் நேராக முகூர்த்தத்துக்கு முன்பதிவு செய்யும் குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் இப்படி ஒரு இரவு வந்தால் என்னிடமும் பதில் கிடையாது.

மல்லிகைப் பந்தல்

எங்கள் மகளுக்கு ஐப்பசியில் மாலை வரவேற்பு இருக்கிறது. ஏர்பிரஷ் நல்லதா, சாதாரண முறை நல்லதா? எவ்வளவு கேட்பார்கள்?

பிரஷ்ஷும் பஞ்சும்

அதற்குத் தனி இழை தொடங்குங்கள் அம்மா. இந்த இழைக்குப் பொருந்துகிற ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ஏர்பிரஷ்ஷுக்குக் கம்ப்ரசர் ஓட வேண்டும். பேட்டரியில் ஓடும் கம்ப்ரசர் வைத்திருக்கிறாரா, இல்லையென்றால் பாதியில் நின்றால் கையால் முடிக்கக்கூடிய அதே நிறம் அவர் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூணு ஃபேஸ்

ஜெனரேட்டர் வேலை பார்ப்பவன் நான். பேட்டரி இறங்கிக் கிடப்பதுதான் மண்டபங்களில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. எஞ்சினில் எந்தக் குறையும் இருக்காது. மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்திருப்பார்கள், பேட்டரி தானாகவே வடிந்துவிடும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை மண்டபத்தாரிடம் "டீசல் இருக்கிறதா" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். "ஒரு தடவை ஸ்டார்ட் செய்து காட்டுங்கள்" என்று கேட்பவரை நான் கண்டதில்லை. 12 வோல்ட் செட் என்றால் வெளியே நிற்கும் வேன் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பிவிடலாம். பெரிய செட்டுகள் 24 வோல்ட்டில் இருக்கும், அவற்றுக்கு இரண்டு பேட்டரியைத் தொடராக இணைக்க வேண்டும். உங்கள் மண்டபத்தில் நேரமானது அந்தத் தேடலில்தான் என்று நினைக்கிறேன்.

சுருட்டும் கருவியைச் செருகாததற்கு ஜெனரேட்டர் காரணமாக இருக்க முடியாது. அது இழுக்கும் மின்சாரம் ஒரு குண்டு பல்பின் அளவுதான். ஹேர் டிரையர் வேறு கதை. 1200, 2000 வாட் என்று இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டரில் செருகினால் அந்த நொடியே அலறும். அறைக்குத் திரும்பாததற்கு நான் ஒரு காரணம் ஊகிக்கிறேன். ஜெனரேட்டர் வந்ததும் எல்லா அறைகளிலும் ஏசியைப் போடுவார்கள், சுமை தாங்காமல் ஒரு முறை டிரிப் ஆகும். அந்த இரண்டாவது இருட்டை அவர் எதிர்பார்த்திருக்கலாம்.

விளக்குப் பிடித்தவள்

நீங்கள் சொன்னதேதான் நடந்தது ஐயா. 4 மணிக்குச் சற்று முன் ஒரு முறை மறுபடியும் அணைந்தது. நாங்கள் பேனல் வெளிச்சத்தில் இருந்ததால் கை நிற்கவில்லை. அப்போது அவர் பொய் இமை ஒட்டிக்கொண்டிருந்தார்.

பிரஷ்ஷும் பஞ்சும்

சுருளைக் கைவிட்டதற்குக் காரணம் வியர்வைதான். வேரில் ஈரம் ஏறிய முடியில் போட்ட சுருள் மணவறைப் புகையில் பத்து நிமிடம் தாங்காது. நெற்றியில் தொங்கிப் படிந்து, ஒப்பனையையும் கலைக்கும். பொய் இமையை அவர் கடைசிக்குத் தள்ளியதும் சரிதான். ஈரக்காற்றில் அந்தப் பசை இறுக வழக்கத்தைவிட நேரம் பிடிக்கும். பளபளப்புப் போய்ப் பிசுபிசுப்பு வரும்வரை காத்திருந்துதான் வைக்க வேண்டும், அவசரப்பட்டால் தாலி கட்டும்போது உள்முனை தூக்கிக்கொள்ளும்.

நல்லூர்க் கரை

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 2022 மார்ச் இறுதியில் எங்கள் நாட்டில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவித்தார்கள். டீசலுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்ததால் ஜெனரேட்டரை நம்பி எந்த மண்டபமும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் உங்களுடைய சங்கடத்தோடு ஒப்பிட்டால் எங்களுக்கு இரண்டு வசதிகள் இருந்தன. வெட்டு எந்த நேரத்தில் என்ற அட்டவணை முதலே தெரியும். எங்கள் முகூர்த்தங்களிற் பல பகலில் வருகின்றன. ஆகவே மணமகளை யன்னலுக்குப் பக்கவாட்டில் இருத்தி, நேர் வெயில் விழாமல் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டால், எந்த விளக்கையும்விட உண்மையான நிறம் தெரியும். முகத்தில் எங்களுக்கு அதிகம் சிரமம் இருக்கவில்லை.

சிரமம் துணியில்தான் வந்தது. பிளவுசையும் சேலையையும் அழுத்த மின்சாரம் இல்லை. ஒரு வீட்டில் பழைய கரி அயன்பெட்டியைத் தேடி எடுத்து, சிரட்டைக்கரி போட்டு அழுத்தினோம். பட்டின் மேல் ஈரமில்லாத பருத்தித் துணியை விரித்து, சாம்பல் பறக்காத வண்ணம் பெட்டியை வெளியே கொண்டுபோய் ஊதிவிட்டு வந்து, ஒவ்வொரு மடிப்பாக அழுத்த வேண்டியிருந்தது. கூறை மாற்றுகிற நேரத்தில் உங்கள் ஒப்பனையாளர் என்ன செய்தார் என்பதை அறிய ஆவலாக இருக்கிறது. எங்களுக்கு மிகவும் இறுக்கமான நேரம் அதுதான்.

விளக்குப் பிடித்தவள்

அங்கேதான் அவர் முகத்தில் முதல் முறையாகப் பதற்றத்தைப் பார்த்தேன். மணவறைக்குப் போகும்போது உடுத்திய சேலையை முதல் நாளே மடிப்பு எடுத்து, அயன் செய்து, பெட்டியில் வைத்திருந்தார். அது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கூறைப்புடவையையும் அப்படியே மடித்து வைக்க அனுமதி கேட்டிருந்தார். மாப்பிள்ளையின் அத்தை, சபையில் ஆசி வாங்கும் முன் கூறையைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

4.55க்குக் கூறையோடு தங்கை திரும்பி வந்தபோது, மண்டபத்தில் விளக்குகள் இருந்தும் அறை நெருப்பாகக் கொதித்தது. கனத்த ஜரிகைப் பட்டு வியர்த்த கையில் ஒட்டியது. உதவியாளர் கீழே உட்கார்ந்து கொசுவ மடிப்பின் அடியை இழுத்துப் பிடித்துக்கொள்ள, இவர் தம் விரல்களில் டால்கம் பவுடரைத் தேய்த்துக்கொண்டு மேலே மடிப்பு வைத்தார். முந்தானையைத் தோளில் இரண்டு ஊக்கால் நிறுத்திவிட்டு, சிறு மடிப்புகளைத் திருத்துவதை விட்டுவிட்டார். மாலை விழுந்தால் அந்த இடம் தெரியாது என்றார். வெளியே அனுப்பும் முன் கைபேசியில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தது. வெறும் பிரஷ்ஷால் அதைத் தட்டிவிட்டு, மறுபடி ஒரு படம் எடுத்துப் பார்த்த பிறகே விட்டார். தங்கை 5.15க்கு மணவறையில் உட்கார்ந்தாள்.

மூன்றாவது கண்

அந்த வெள்ளைப் பட்டை, சிலிக்கா கலந்த பவுடர் ஃப்ளாஷ் ஒளியைத் திருப்பி அடிப்பதால் வருவது. வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அவர் அதைப் பார்த்துத் திருத்தியிராவிட்டால் தாலி கட்டும் படங்கள் அத்தனையிலும் இருந்திருக்கும்.

நேர்கோடு

விளக்கு விஷயத்தில் உங்கள் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் கூறை விஷயத்தில் மாப்பிள்ளை வீட்டார் விட்டுக்கொடுத்திருக்கலாம். மடித்து வைத்த கூறையையும் தட்டில் வைத்துத்தானே ஆசி வாங்குகிறார்கள்?

பிரஷ்ஷும் பஞ்சும்

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, ஆனால் ஒப்பனைக்கு வந்தவர் அதை வற்புறுத்த முடியாது. நான் பார்த்தவரை சில குடும்பங்களில் கடையில் மடித்த மடிப்போடுதான் தட்டில் வைக்க வேண்டும் என்பார்கள். சிலர் முதல் நாளே கையில் கொடுத்துவிடுவார்கள். நான் செய்வது, அதே நீளமும் கனமும் உள்ள வேறொரு பட்டில் மணமகளுக்கு ஒரு முறை கட்டிப் பார்த்து, உள்பாவாடை நாடாவில் கொசுவம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் நூலால் அடையாளம் தைத்து வைப்பது. கூறையைத் தொடாமலே நேரம் மிச்சமாகும்.

நல்லூர்க் கரை

நூல் அடையாளம் நல்ல யோசனை, ஆனால் கூறையின் அகலம் மற்றச் சேலையோடு ஒத்து வராவிட்டால் என்ன செய்வீர்கள்? எங்களிடம் வருகிற கூறைகளில் கரையின் அகலமே ஒவ்வொன்றிலும் வேறுபடுகிறது. மாப்பிள்ளை வீட்டில் அளவை மட்டுமாவது முதலே கேட்டு வாங்குவதுதான் பாதுகாப்பு என்பது என் கருத்து.